மச்சானின் ஆறு இலட்சமும் டொலரில் சொல்லப்படும் தங்கமும்

இதை எழுத வேண்டும் என்று இரண்டு மூன்று வருடமாக நினைத்துக் கொண்டிருந்தேன். என் பிழையும் இதில் இருப்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன கிழமை உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், தங்கத்த டொலர்ல விக்காம சீனக் காசுல வித்தா எங்களுக்கு வில குறையுமா?" என்று கேட்டது. அதே கேள்வியை 2022இல் என் தங்கச்சி மாப்பிள்ளை என்னிடம் கேட்டார். அன்று நான் கொடுத்த பதில் பிழை. அதனால் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2022 பெப்ரவரி கடைசி. மருமகளின் கல்யாணத்துக்கு மச்சான் ஆறு இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருந்தார். ஐந்து பவுண் எடுப்பது என்பது கணக்கு. அந்த நேரம் கடை விலைக்கு அது சரியாக வரும். மார்ச் பிறந்ததும் விலை ஏறத் தொடங்கியது. மாதக் கடைசியில் வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் சுற்றியது. ரஷ்யா தங்கத்தை ரூபிளோடு கட்டிவிட்டது, சீனாவும் சேரப்போகிறது, இனி உலகத்தில் தங்கம் டொலரில் விற்கப்படாது, டொலர் விழுந்ததும் எங்களுக்குத் தங்கம் மலியும், இப்ப அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்று ஒருவர் பேசியிருந்தார்.

மச்சான் அதைப் போட்டுக் காட்டிவிட்டு, "நீங்கதானே கொமர்ஸ் படிச்சுக் குடுக்கிறீங்க. எடுக்கவா, பொறுக்கவா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்க மச்சான். டொலர்தானே எல்லாத்துக்கும் காரணம்" என்று சொன்னேன்.

மே நடுப்பகுதியில் அதே ஆறு இலட்சத்துக்கு மூன்று பவுணும் கொஞ்சமும்தான் வந்தது. மச்சான் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தங்கச்சி தன் கையில் கிடந்த காப்பைக் கழற்றி மகளுக்குப் போட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கேட்ட நேரமே போட்டிருக்க வேண்டிய கணக்கு.

முதலில் அந்தக் கணக்கையே சொல்கிறேன். உலகச் சந்தையில் சொல்லும் விலை ஒரு ட்ரோய் அவுன்ஸ் சுத்தத் தங்கத்துக்கு. அது 31.1 கிராம். எங்களுடைய பவுண் 8 கிராம், 22 கரட். 24இல் 22 பங்குதான் தங்கம் என்பதால் ஒரு பவுணில் இருக்கும் சுத்தத் தங்கம் 7.33 கிராம். 7.33ஐ 31.1ஆல் பிரித்தால் 0.2358 அவுன்ஸ். ஆகவே:

ஒரு பவுண் = உலக விலை (டொலர்) × 0.2358 × ஒரு டொலருக்கு எத்தனை ரூபா

இது அடி விலை. கடை விலை இதைவிடக் கூட இருக்கும். வரி, தட்டுப்பாடு, வியாபாரியின் இலாபம் எல்லாம் அதற்கு மேல் ஏறும். வங்கியில் டொலர் கிடைக்காத அந்த நாட்களில் வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கிய டொலரின் விலையும் சேர்ந்தது. செய்கூலி வேறு. ஆனால் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று பார்க்க இந்த அடி விலை போதும்.

2022 பெப்ரவரி கடைசியில் உலக விலை சுமார் 1,900 டொலர். வங்கியில் ஒரு டொலர் 203 ரூபா. பெருக்கினால் ஒரு பவுண் சுமார் 91,000 ரூபா. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைப் பிடித்து வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது. மே நடுப்பகுதியில் ஒரு டொலர் சுமார் 360 ரூபா. அந்த நேரம் உலக விலை சுமார் 1,820 டொலர். பெருக்கினால் ஒரு பவுண் சுமார் 154,500 ரூபா.

கவனியுங்கள். உலகத்தில் தங்கம் 4 வீதம் இறங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் 70 வீதம் ஏறியிருக்கிறது. ஏறியது தங்கம் இல்லை, விழுந்தது ரூபா.

"அது டொலரில் விலை சொல்வதால் வந்த வினைதானே, சீனக் காசில் சொல்லியிருந்தால் தப்பியிருப்போமே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதையும் போட்டுப் பார்ப்போம்.

ஷங்ஹாய் தங்கப் பரிவர்த்தனையில் விலை ஒரு கிராமுக்கு இத்தனை யுவான் என்று சொல்லப்படும். 2022 பெப்ரவரி கடைசியில் ஒரு டொலருக்கு 6.31 யுவான். அப்படியென்றால் ஒரு கிராம் சுமார் 385 யுவான். ஒரு பவுணில் இருக்கும் 7.33 கிராமுக்கு 2,823 யுவான். ஒரு யுவான் எங்களுக்கு 32 ரூபா 20 சதம். பெருக்குங்கள், சுமார் 91,000 ரூபா வரும். மே மாதம் ஒரு டொலருக்கு சுமார் 6.77 யுவான். கிராம் சுமார் 396 யுவான், பவுணுக்கு 2,904 யுவான். ஒரு யுவான் 53 ரூபா 20 சதம். பெருக்குங்கள், சுமார் 154,500 ரூபா.

அதே 91,000. அதே 154,500. இன்னொன்றையும் பாருங்கள். டொலரில் பார்த்தவனுக்கு அந்த மூன்று மாதத்தில் தங்கம் இறங்கியிருக்கிறது. யுவானில் பார்த்தவனுக்கு 385இலிருந்து 396க்கு ஏறியிருக்கிறது. ஒரே தங்கம்தான். யுவான் டொலருக்கு எதிராகக் கொஞ்சம் இறங்கியதால் வந்த வித்தியாசம் அது. புடவைக் கடையில் யாரால் அளந்தாலும் மீற்றரால் அளந்தாலும் துணி கூடிக் குறையாது. எங்களுடைய கஷ்டம் வேறு. எங்கள் ரூபா டொலருக்கு எதிராகவும் விழுந்தது, யுவானுக்கு எதிராகவும் விழுந்தது, றியாலுக்கு எதிராகவும் விழுந்தது.

லண்டன் விலையும் ஷங்ஹாய் விலையும் இப்படி ஒத்துப் போவதற்குக் காரணம் வியாபாரிகள். ஓர் இடத்தில் மலிவு, இன்னோர் இடத்தில் கூட என்றால், மலிவான இடத்தில் வாங்கி மற்ற இடத்தில் விற்பார்கள். வித்தியாசம் செலவுக்குக் கட்டாத அளவுக்குச் சுருங்கும்வரை விடமாட்டார்கள். தங்கம் எல்லை தாண்டிப் போய்வர முடிந்தால், எந்தக் காசில் விலை சொன்னாலும் விலை ஒன்றுதான்.

அப்படியென்றால் ஏன் டொலர்? எல்லாக் காலமும் அப்படி இருந்ததில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத விசயம்.

லண்டனில் தினமும் ஒரு பொது விலை தீர்மானிக்கும் வழக்கம் 1919 செப்டெம்பரில் தொடங்கியது. ஐந்து நிறுவனங்கள் ரொத்சைல்ட் அலுவலகத்தில் கூடி, வாங்குபவர் அளவும் விற்பவர் அளவும் பொருந்தும் விலையைத் தேடின. அந்த விலை டொலரில் இல்லை. ஸ்டேர்லிங் பவுண், ஷில்லிங், பென்ஸ் கணக்கில்தான் சொன்னார்கள். நடுவில் யுத்தத்தால் சந்தை பல வருடம் மூடிக் கிடந்தது. ஆனாலும் 1968வரை லண்டன் விலை ஸ்டேர்லிங்கில்தான் இருந்தது.

இதற்கிடையில் தங்கத்தின் நங்கூரம் அமெரிக்காவுக்குப் போயிருந்தது. 1934இலிருந்து அமெரிக்கா ஒரு அவுன்ஸ் 35 டொலர் என்று விலை கட்டியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, எந்த நாட்டு மத்திய வங்கி டொலரைக் கொண்டு வந்தாலும் அந்த விலைக்குத் தங்கம் தருவோம் என்ற வாக்கின் மேல்தான் உலகத்தின் பண ஒழுங்கே நின்றது. ஆகவே லண்டனில் ஸ்டேர்லிங்கில் விலை சொன்னாலும், எல்லாருடைய மனதிலும் இருந்தது 35 டொலர்தான்.

1967 நவம்பரில் பிரித்தானியா தன் காசை மதிப்பிறக்கியது. ஒரு ஸ்டேர்லிங் பவுண் 2.80 டொலராக இருந்தது 2.40 ஆனது. ஒரு அவுன்ஸ் தங்கம் பன்னிரண்டரைப் பவுணிலிருந்து பதினான்கரைப் பவுணுக்கு மேலே போனது. டொலரில் அதே 35தான். லண்டன்காரனுக்கு அன்று நடந்தது எங்களுக்கு 2022இல் நடந்ததுதான். அதே நவம்பரில் இலங்கையும் தன் ரூபாவை மதிப்பிறக்கியது. 4.76 ரூபாவாக இருந்த டொலர் 5.95 ஆனது. எங்கள் பாட்டன்மார் காலத்திலும் தங்கம் ஒருநாள் இரவில் இப்படி "ஏறி" இருக்கிறது.

அடுத்த வருடம் மார்ச்சில் உலகம் முழுக்க ஆட்கள் டொலரைக் கொடுத்துத் தங்கம் வாங்க ஓடினார்கள். 35 டொலரைக் காப்பாற்ற அமெரிக்காவும் ஐரோப்பிய மத்திய வங்கிகளும் லண்டனில் தங்கத்தை விற்றுக்கொண்டே இருந்தன. தாங்க முடியவில்லை. மார்ச் 15ஆம் திகதி அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் லண்டன் தங்கச் சந்தையை மூடினார்கள். இரண்டு கிழமை கழித்து ஏப்ரல் 1ஆம் திகதி திறந்தபோது இரண்டு மாற்றம். ஒன்று, விலை இனி டொலரில். மற்றது, காலை விலையோடு பின்னேரம் மூன்று மணிக்கும் ஒரு விலை, அமெரிக்கா விழித்திருக்கும் நேரத்துக்குத் தோதாக.

ஆகவே "தங்கத்தின் காசு மாறினால் என்ன நடக்கும்" என்பது கற்பனைக் கேள்வி இல்லை. ஒரு தடவை மாறித்தான் இருக்கிறது. நடந்தது என்ன? காசு மாறியதால் தங்கம் மலியவும் இல்லை, சந்தை அமெரிக்காவுக்குப் போகவும் இல்லை. பெட்டகங்களும் வியாபாரிகளும் லண்டனிலேயே இருந்தார்கள். லண்டன் இழந்தது வேறு காரணத்தால். மூடிக் கிடந்த அந்த இரண்டு கிழமைக்குள் சுவிஸின் மூன்று பெரிய வங்கிகள் சேர்ந்து சூரிச்சில் சந்தை வைத்து, தென்னாபிரிக்கத் தங்கத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன. கடை மாறியது கதவு மூடியதால்.

1971 ஓகஸ்டில் நிக்சன் அந்த 35 டொலர் வாக்கையும் கைவிட்டார். அதற்குப் பிறகு டொலரைக் கொண்டு வந்தால் தங்கம் தருவோம் என்ற வாக்கு இல்லை. ஆனாலும் டொலர் விலை நின்றுவிட்டது. காரணம், தங்கத்தை விற்றவனின் நிலையில் இருந்து பார்த்தால் புரியும். ஒரு சுரங்கக் கம்பனி ஒரு தொன் தங்கத்தை விற்கிறது. கையில் வரும் பெரிய தொகையை அன்று இரவே எங்கேயாவது பத்திரமாக வைக்க வேண்டும், நாளைக்கே திருப்பி எடுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்க அரசாங்கப் பிணைமுறிச் சந்தை அதற்கு இடம் தருகிறது. வாங்குபவன் கடன் எடுக்க வேண்டும் என்றாலும், ஆறு மாதம் கழித்து வரும் விலையை இன்றே பூட்டி வைக்க வேண்டும் என்றாலும், அதற்கும் டொலரில்தான் ஆழமான சந்தை இருக்கிறது. ஒருவன் டொலரில் வைத்திருப்பதால் அடுத்தவனும் டொலரில் கேட்கிறான். எந்தச் சட்டமும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஜப்பானில் யென்னிலும் மும்பையில் இந்திய ரூபாயிலும் ஷங்ஹாயில் யுவானிலும் இன்றைக்கும் தங்கம் விலை போகிறது.

சீனா 2016 ஏப்ரலில் லண்டனைப் போலத் தனக்கென்று ஒரு தினசரிப் பொது விலையையே யுவானில் தொடங்கியது. தங்கத்தை அதிகம் வாங்கும் நாடு அது. அப்படியிருந்தும் உலகம் ஏன் அந்த விலைக்கு மாறவில்லை?

2023 செப்டெம்பரில் நடந்ததைப் பாருங்கள். சீனாவுக்குள் தங்கம் கொண்டுவர வங்கிகளுக்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும், அளவுக்கும் கட்டுப்பாடு. அந்த மாதம் உள்ளே ஆட்கள் தங்கம் தேடினார்கள், வெளியிலிருந்து போதுமான அளவு வரவில்லை. ஷங்ஹாய் விலை லண்டன் விலையைவிட அவுன்ஸுக்கு 100 டொலருக்கு மேலே போய்விட்டது. 2020இல் இதற்கு நேர்மாறு, ஷங்ஹாயில் தங்கம் லண்டனைவிட மலிவாகக் கிடந்தது. சாதாரணமாக வியாபாரிகள் இந்த வித்தியாசத்தை ஒரே நாளில் தின்றுவிடுவார்கள். இங்கே முடியவில்லை. தங்கத்துக்கும் மதில், யுவானுக்கும் மதில். உள்ளே விற்றுக் கிடைத்த யுவானை நினைத்தபடி வெளியே கொண்டுபோக முடியாது. அந்த மதில் இருக்கும்வரை ஷங்ஹாய் விலை சீனாவின் விலைதான். உலக விலையாக வேண்டும் என்றால் சீனா தன் காசுக் கதவைத் திறந்துவிட வேண்டும். அதை அவர்கள் இதுவரை விரும்பவில்லை.

இப்போது அந்த வொய்ஸில் சொன்ன ரஷ்யக் கதைக்கு வருகிறேன். அது முழுப் பொய் இல்லை. ரஷ்ய மத்திய வங்கி 2022 மார்ச் 28இலிருந்து ஜூன் 30வரை, தன் நாட்டு வங்கிகளிடமிருந்து கிராமுக்கு 5,000 ரூபிள் என்ற நிலையான விலைக்குத் தங்கம் வாங்குவதாக அறிவித்தது. அவுன்ஸுக்குப் பார்த்தால் 155,500 ரூபிள். அறிவித்த நேரம் ஒரு டொலர் 100 ரூபிளை ஒட்டி இருந்தது. அப்படியென்றால் 1,555 டொலர், உலக விலையைவிட எவ்வளவோ குறைவு. பிறகு ரூபிள் வேகமாகப் பலமானது. ஏப்ரல் இரண்டாம் கிழமை நெருங்கும்போது டொலர் 76 ரூபிள் அளவில். அதே 5,000 ரூபிள் இப்போது 2,000 டொலருக்கு மேலே, உலக விலையைவிடக் கூட. அதே விலையில் நின்றால் மத்திய வங்கிக்கு நட்டம். ஏப்ரல் 8இலிருந்து நிலையான விலை இல்லை, பேசித் தீர்க்கும் விலைதான் என்று மாற்றிவிட்டார்கள். அந்த நிலையான விலை இரண்டு கிழமைகூட நிற்கவில்லை. ஆனால் அந்த வொய்ஸ் எங்கள் ஊரில் மே மாதமும் சுற்றிக்கொண்டிருந்தது.

சரி, உண்மையிலேயே ஒருநாள் உலகத் தங்க வியாபாரம் பெரும்பாலும் யுவானுக்கு மாறியது என்று வைத்துக்கொள்வோம். என்ன மாறும்?

அமெரிக்காவின் கையில் இருக்கும் ஒரு பிடி தளரும். டொலரில் நடக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் கடைசியில் நியூயோர்க் வங்கிகள் வழியாகத்தான் தீர்க்கப்படுகிறது. அதனால்தான் ஒரு நாட்டைத் தடை செய்ய அமெரிக்காவால் முடிகிறது. வேறு காசில் வியாபாரம் நடந்தால் தடை செய்யப்பட்ட நாடுகளுக்கு மூச்சுவிட இடம் வரும். மாற்றத்துக்கு ஆசைப்படும் நாடுகளின் உண்மையான காரணம் இதுதான், விலை இல்லை.

டொலர் இதனால் விழுந்துவிடுமா? தங்கம் வாங்குபவன் டொலரைக் கையில் வைத்திருக்கும் நேரம் கொஞ்சம். வாங்கிக் கொடுத்துவிடுகிறான். டொலரைத் தாங்கி நிற்பது நாடுகளும் வங்கிகளும் வருடக் கணக்கில் வைத்திருக்கும் டொலர்ப் பிணைமுறிகள். விலைச்சீட்டில் காசின் பெயர் மாறுவதால் அவை கரையாது. தங்கத்தின் டொலர் விலை அமெரிக்க வட்டியைப் பார்த்து ஆடுவதும் நின்றுவிடாது. தங்கம் வட்டி தராத பொருள். டொலரில் நல்ல வட்டி கிடைக்கும்போது தங்கத்தை வைத்திருப்பவன் யோசிப்பான், எந்தக் காசில் விலை எழுதியிருந்தாலும்.

எங்களுக்கு? எங்கள் நாட்டுக்குள் வரும் காசு எது என்று பாருங்கள். ஆடைத் தொழிற்சாலையின் சரக்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சவூதியிலும் டுபாயிலும் உழைக்கிறார்கள். றியாலும் திர்ஹமும் டொலரோடு கட்டப்பட்ட காசுகள், ஒரு டொலருக்கு எப்போதும் 3.75 றியால். யுவான் எங்களுக்கு வருமானமாக வருவது குறைவு. தங்கம் இறக்குபவன் யுவானில் கட்ட வேண்டும் என்றால், டொலரை யுவானாக மாற்றிக் கட்ட வேண்டும். ஒரு மாற்றம் கூட, அதற்கு வங்கி எடுக்கும் காசும் கூட. எங்களுக்கு வரக்கூடிய மாற்றம் ஒரு பவுணில் கொஞ்சம் ஏற்றமாகத்தான் இருக்கும், இறக்கமாக இல்லை.

வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினேன். பவுண் விலை ஏறினால் இரண்டு எண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று உலக விலை, மற்றது டொலருக்கு எத்தனை ரூபா. முதலாவது ஏறியிருந்தால் உலகத்துக்கே ஏறியிருக்கிறது. முதலாவது அசையாமல் இரண்டாவது ஏறியிருந்தால், இளைத்தது எங்கள் ரூபா. அப்போது தங்கத்துக்காகச் சேர்த்த காசை ரூபாவில் வைத்துக்கொண்டு, டொலர் விழும் என்று காத்திருப்பவன் கையிலிருப்பதுதான் கரையும். இரண்டும் அசையாமல் கடை விலை மட்டும் ஏறியிருந்தால் வரியையோ தட்டுப்பாட்டையோ விசாரிக்க வேண்டும். நாளைக்கு எது ஏறும் எது இறங்கும் என்று இந்தக் கணக்கு சொல்லாது. நடப்பது என்ன என்று மட்டும் சொல்லும். அன்று எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும்.

மச்சானின் இரண்டாவது மகளுக்கு இப்போது பேச்சு நடக்கிறது. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். இந்த முறை வொய்ஸ் எதுவும் போட்டுக் காட்டவில்லை. கொப்பித் தாள் ஒன்றை எடுத்து வைத்து, "அந்தப் பெருக்கல ஒருக்கா எழுதித் தாங்க மச்சான், நானே போட்டுப் பார்க்கிறன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். எடுக்கவா பொறுக்கவா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.